அரியரோடு பிரிட்டனில் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

பொறியியல் படிப்பில் அரியர் வைத்திருந்தால் வெளிநாட்டில் இடம் கிடைக்காது என்று ஒரு சாரார் சொல்வார்கள். எத்தனை இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று கன்சல்டன்சிக்காரர்கள் சொல்வார்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். பிரிட்டனில் முதுகலைப் படிப்புக்கு வரும் விண்ணப்பத்தைச் சேர்க்கை அலுவலகம் பார்க்கும்போது அரியரைப் பற்றி இரண்டு தனித்தனிக் கேள்விகள் எழுகின்றன. படிப்பு தொடங்குவதற்குள் இவருக்கு இளநிலைப் பட்டம் கையில் இருக்குமா என்பது முதலாவது. தோற்ற தாள்கள், இவர் இங்கே படிக்கப்போகும் பாடத்துக்கு அடிப்படையானவையா என்பது இரண்டாவது.

கிளியர் செய்துவிட்ட அரியரும் இன்னும் நிலுவையில் உள்ள அரியரும் வேறு வேறு என்பதைக் கல்லூரி பிளேஸ்மென்ட் அறிவிப்புகளில் வரும் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்’, ‘ஸ்டாண்டிங் அரியர்’ என்ற சொற்களிலிருந்தே நீங்கள் அறிந்திருப்பீர்கள். முதல் கேள்வி நிலுவையில் உள்ளதைப் பற்றியது. இரண்டாவது கேள்வி முக்கியமாகக் கிளியர் செய்ததைப் பற்றியது.

அண்ணா பல்கலைக்கழகத்தில் தோற்ற தாளின் மதிப்பு சி.ஜி.பி.ஏ. கணக்கில் சேர்வதில்லை, பிறகு தேர்ச்சி பெறும்போது கிடைக்கும் புள்ளி மட்டுமே சேர்கிறது. ஆகவே 7.4 என்ற எண்ணைப் பார்த்து, அதற்குப் பின்னால் ஐந்து அரியர் இருந்ததா, ஒன்றுமே இல்லையா என்று சொல்ல முடியாது. அதனால்தான் சேர்க்கை அலுவலர்கள் செமஸ்டர் வாரியான மதிப்பெண் பட்டியல்களைக் கேட்கிறார்கள். 2017 விதிமுறையில் படித்தவர்களுக்கு ‘ஆர்.ஏ.’ என்றும் 2021 விதிமுறையில் படித்தவர்களுக்கு ‘யு’ என்றும் அவற்றில் பதிவாகியிருக்கும். இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பங்களை ஆண்டுதோறும் பார்க்கும் அலுவலருக்கு இந்தக் குறிகள் புதியவை அல்ல. சில பல்கலைக்கழகங்கள் இதற்கும் மேலாக, மொத்தம் எத்தனை அரியர் இருந்தன என்று கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு ஒரு சான்றிதழையும் கேட்கும்.

அந்தச் சான்றிதழில்தான் குழப்பம் வருகிறது. ஒரே தாளில் இருமுறை தோற்றால் அது ஓர் அரியரா, இரண்டா? தாள்களை எண்ணும் இடங்களும் உண்டு. தோற்ற முறைகளை எண்ணும் இடங்களும் உண்டு. அரியருக்கு எண்ணிக்கை வரம்பு வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன், எதை எண்ணுகிறார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சான்றிதழில் இரண்டு எண்ணிக்கைகளையும் குறிப்பிடுமாறு கல்லூரி அலுவலகத்தில் கேட்பது நல்லது.

ஓர் உதாரணத்தைக் கொண்டு பார்ப்போம். மெக்கானிக்கல் மாணவர் ஒருவர் மே மாதத்தில் எட்டாவது செமஸ்டரை முடிக்கிறார். அதே ஆண்டு செப்டம்பரில் வெப்ப ஆற்றல் சார்ந்த எம்.எஸ்சி.யில் சேர விரும்புகிறார். மூன்றாவது செமஸ்டர் கணிதத்தில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை தேறியிருக்கிறார். தெர்மோடைனமிக்ஸிலும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸிலும் ஒவ்வொரு முறை தோற்றுக் கிளியர் செய்திருக்கிறார். ஆறாவது செமஸ்டரின் ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர் ஒருமுறை தோற்று, இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதை ஏப்ரல்–மே தேர்வில் எழுதுகிறார். தாள்களாக எண்ணினால் நான்கு. தோற்ற முறைகளாக எண்ணினால் ஐந்து.

இவருக்கு அனுமதி கிடைத்தால் அது நிபந்தனையுடன் கூடியதாகவே இருக்கும்: பட்டத்தை முடித்து, அவர்கள் கேட்கும் சதவீதத்தைப் பெற்றதற்கான சான்றைக் குறிப்பிட்ட தேதிக்குள் அனுப்ப வேண்டும். அந்த நிபந்தனை நிறைவேறிய பின்னரே சி.ஏ.எஸ். என்ற சேர்க்கை உறுதிச் சான்று வரும். அது இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. தேர்வு முடிவு வந்து, புரொவிஷனல் சான்றிதழ் வாங்கி, அதை அனுப்பி, சி.ஏ.எஸ். பெற்று, விசாவுக்குக் காத்திருப்பது எல்லாம் செப்டம்பருக்குள் முடிய வேண்டும். எல்லாத் தாள்களிலும் தேறினால் மட்டுமே புரொவிஷனல் சான்றிதழ் கிடைக்கும் என்பதால், ஒரு தாள் தவறினாலும் இந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

அவர் மே மாதத்திலும் தோற்றால், அடுத்த வாய்ப்பு நவம்பர்–டிசம்பர் தேர்வு. அதன் முடிவு ஜனவரிச் சேர்க்கைக்கு உரிய நேரத்தில் வரும் என்று எண்ணித் திட்டமிடக் கூடாது. மறுமதிப்பீட்டை நம்பி, இடத்தை உறுதி செய்யப் பல்கலைக்கழகம் கேட்கும் டெபாசிட்டைக் கட்டுவதும் வேண்டாம். அதன் முடிவு எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. முடிவு வந்த வாரத்திலேயே பல்கலைக்கழகத்துக்கு எழுதி, அடுத்த செப்டம்பருக்கு இடத்தை ஒத்திவைக்கக் கேட்பதே சரி. டெபாசிட் கட்டுவதற்கு முன்பே, கல்வி நிபந்தனை நிறைவேறாவிட்டால் பணம் திரும்பி வருமா, அடுத்த ஆண்டுக்கு மாற்றப்படுமா என்று விதியைப் படித்துவிடுங்கள். விசா மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்று கூறும் விதி இதற்குப் பொருந்தும் என்று கருத வேண்டாம், இரண்டும் தனித்தனி.

இனி இரண்டாவது கேள்வி. இந்த மாணவரின் நான்கு தாள்களில் எனக்குக் கவலை தருவது இருமுறை தோற்ற கணிதம் அல்ல, தெர்மோடைனமிக்ஸும் ஹீட் டிரான்ஸ்ஃபரும்தான். ஏனெனில் அவர் படிக்கக் கேட்கும் எம்.எஸ்சி. அவற்றின் மேல் நிற்கிறது. இதே மாணவர் உற்பத்தி மேலாண்மை சார்ந்த படிப்புக்கு விண்ணப்பித்திருந்தால் அதே பட்டியல் இவ்வளவு உறுத்தாது. ஆகவே விளக்கக் கடிதம் எழுதும்போது காரணங்களை அடுக்குவதைவிட, பின்னால் வந்த தொடர்புடைய தாளில் பெற்ற நல்ல மதிப்பையோ, வெப்பப் பரிமாற்றக் கணக்குகளைத் தானே செய்த இறுதியாண்டு புராஜெக்டையோ சுட்டுவது பயன் தரும். நோயோ குடும்பத்தில் இழப்போ இருந்தால், எந்த செமஸ்டரில் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லி, ஆவணம் இருந்தால் இணைத்தால் போதும். பேராசிரியர் மீதோ விடைத்தாள் திருத்தியவர் மீதோ பழி போடும் கடிதம், அது உண்மையாகவே இருந்தாலும், படிப்பவருக்குச் சலிப்பையே தரும்.

வேறொரு நாட்டில் கணக்கு மாறும். ஜெர்மனியில் பல இடங்களில் நம் மதிப்பெண்ணை அவர்கள் அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் பயன்படுகிறது. அதிகபட்சப் புள்ளி 10, தேர்ச்சிக்கான குறைந்தபட்சம் 5 என்று கொண்டால், 7.5 பெற்றவரின் மதிப்பு 2.5 ஆகிறது: 10இலிருந்து 7.5ஐக் கழித்து, 5ஆல் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்ட வேண்டும். இந்தச் சூத்திரத்துக்குள் அரியருக்கு இடமே இல்லை. ஆனால் அரியரில் 50 மதிப்பெண்ணோடு தப்பித்த தாள்கள் புள்ளியை இழுத்துக் கீழே கொண்டுவந்திருக்கும்.

செமஸ்டர் பட்டியல்களை மறைத்து, ஒருங்கிணைந்த பட்டியலை மட்டும் அனுப்பச் சொல்லும் முகவரிடமிருந்து விலகிவிடுங்கள். கேட்கப்பட்ட ஆவணத்தை மறைத்தது பின்னர் தெரிந்தால் பல்கலைக்கழகம் இடத்தை ரத்து செய்யலாம். விசா விண்ணப்பத்தில் ஏமாற்று இருந்தது என்று முடிவானால் பிரிட்டனுக்கு 10 ஆண்டுகள் வரை விண்ணப்பங்கள் மறுக்கப்படும். அரியர் இந்த அளவுக்குத் தண்டிப்பதில்லை.

ரெஸ்யூமேயிலும் கவனம் தேவை. 2021இல் வகுப்புகள் முடிந்து, கடைசி அரியரை 2023இல் தேறியவர், 2021இல் பட்டம் பெற்றதாக எழுதக் கூடாது. தேர்ச்சி பெற்ற ஆண்டு 2023தான், சான்றிதழும் அதையே சொல்லும். இடைப்பட்ட காலத்தில் பார்த்த வேலைக்கு நிறுவனத்தின் கடிதம் வைத்திருங்கள். விமானம் ஏறும்போது அரியர் எழுதிய ஒவ்வொரு பருவத்தின் மதிப்பெண் பட்டியலையும், புரொவிஷனல் சான்றிதழையும் அசலாகவே கைப்பையில் கொண்டு வாருங்கள். பதிவின்போது அசலைக் காட்டச் சொல்வார்கள். ஏதேனும் விடுபட்டால் ஊரில் உள்ள ஒருவர் உங்கள் சார்பில் கல்லூரியில் வாங்கும்படி, கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.