ரொக்கமாகக் கொடுத்த மெயின்டனன்ஸுக்கு வீட்டுக்காரரிடம் ரசீது வாங்குவது எப்படி?

சென்னையில் இப்போது பல வீடுகளில் வாடகை ஜிபேயில் போய்விடுகிறது. மெயின்டனன்ஸ் மட்டும் கையில் கொடுக்கும் பணமாகவே இருக்கிறது. மாதம் ஆயிரத்து ஐந்நூறோ இரண்டாயிரமோ தானே என்று யாரும் ரசீது கேட்பதில்லை. சிக்கல் வருவது வீடு காலி செய்யும்போது. "எட்டு மாச மெயின்டனன்ஸ் பாக்கி இருக்கு" என்று அட்வான்ஸில் கழித்துக்கொண்டால், கொடுத்தோம் என்று காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது.

சட்டம் இந்த விஷயத்தில் வாடகைதாரர் பக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் (2017), வாடகைக்கு மட்டுமல்ல, அதோடு சேர்த்துக் கொடுக்கும் மற்றக் கட்டணங்களுக்கும் கையெழுத்திட்ட ரசீது பெறும் உரிமையைத் தருகிறது. மெயின்டனன்ஸ் அந்த மற்றக் கட்டணங்களில்தான் வரும். ஆகவே ரசீது கேட்பது தயவு கேட்பதல்ல. ஆனால் சட்டத்தைச் சொல்லிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். நல்ல உறவு கெட்டுப்போகும்.

ஒரு கணக்கை வைத்தே போகலாம். அம்பத்தூரில் முதல் மாடி வீடு. வாடகை 12,000 ரூபாய், ஜிபேயில். மெயின்டனன்ஸ் 1,800 ரூபாய், ரொக்கமாக. 2024 ஜூன் முதல் 2025 ஜனவரி வரை எட்டு மாதம் கொடுத்தாயிற்று. நடுவில் அக்டோபரில் மோட்டார் பழுதுக்குப் பங்காக 600 ரூபாய். ஒரு ரசீதும் கையில் இல்லை.

முதலில் கணக்கை எழுதுங்கள்

எட்டு மாதத்தையும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, எதிரே தேதி, தொகை, யாரிடம் கொடுத்தீர்கள் என்று குறியுங்கள். தேதி சரியாக நினைவில்லாத மாதத்துக்கு "முதல் வாரம்" என்று எழுதினால் போதும். ஊகித்து ஒரு தேதியைப் போட்டு, அந்த நாளில் வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லை என்று தெரிந்தால் மொத்தக் கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும். மோட்டார் காசைத் தனி வரியில் எழுதுங்கள். மெயின்டனன்ஸ் 14,400, மோட்டார் 600, மொத்தம் 15,000.

பிறகு வாட்ஸ்ஆப்பில் கேளுங்கள்

நேரில் கேட்டால் "எழுதித் தரேன்பா" என்பதோடு முடிந்துவிடும். எழுத்தில் கேட்டால் அவர் தரும் பதிலே பாதி ரசீது. இப்படி அனுப்பலாம்:

> வணக்கம் சார். முதல் மாடியில இருந்து எழுதறேன். ஜூன் 2024 முதல் ஜனவரி 2025 வரை மெயின்டனன்ஸ் மாசம் 1,800 வீதம் 14,400 ரூபாயும், அக்டோபரில் மோட்டார் வேலைக்கு 600 ரூபாயும் ரொக்கமா உங்ககிட்ட கொடுத்திருக்கேன். என் கணக்குல வச்சுக்க ஒரு ரசீது வேணும் சார். நானே எழுதிக் கொண்டு வரேன், பார்த்துட்டுக் கையெழுத்து போட்டாப் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில வரலாமா?

இதில் தொகையும் மாதமும் முழுதாக இருப்பதைக் கவனியுங்கள். இதற்கு அவர் "சரி, வாங்க" என்று மட்டும் பதில் போட்டாலும், அந்தக் கணக்கை அவர் மறுக்கவில்லை என்பது பதிவாகிறது. அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாமல் போனிலும் அப்படியே வைத்திருங்கள்.

ரசீதை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்

பல வீட்டுக்காரர்கள் தரமாட்டோம் என்பதில்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போடுகிறார்கள். ஆகவே வேலையை நாமே முடித்துவிடுவது நல்லது. வெள்ளைத்தாளில் ஒரே மாதிரி இரண்டு பிரதி:

> ரசீது
> நாள்: ________
> ________ முகவரியில் உள்ள வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கும் திரு/திருமதி ________ அவர்களிடமிருந்து, ஜூன் 2024 முதல் ஜனவரி 2025 வரையிலான எட்டு மாத மெயின்டனன்ஸ் தொகை ரூ.14,400, அக்டோபர் 2024 மோட்டார் பழுது பங்கு ரூ.600, ஆக மொத்தம் ரூ.15,000 (ரூபாய் பதினைந்தாயிரம் மட்டும்) ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன். மேற்படி மாதங்களுக்கு மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை.
> வீட்டு உரிமையாளர் கையெழுத்து, பெயர்

ரசீதின் நாள் அவர் கையெழுத்து போடும் நாளாகவே இருக்கட்டும். பழைய தேதி போட வேண்டாம். தொகை 5,000 ரூபாயைத் தாண்டுவதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் விழும்படி போட வேண்டும். ஸ்டாம்ப் தபால் நிலையத்தில் கிடைக்கும். நீங்களே வாங்கி ஒட்டிக்கொண்டு போங்கள். மாதாமாதம் 1,800க்கு ரசீது வாங்கினால் ஸ்டாம்ப் தேவையில்லை.

சிலர் வாடகையையும் மெயின்டனன்ஸையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதித் தருவார்கள். அதை ஏற்காதீர்கள். ஆபீஸில் வீட்டு வாடகைப்படிக்குக் கணக்கு காட்டும்போது வாடகை மட்டும்தான் எடுபடும். எது வாடகை, எது மெயின்டனன்ஸ் என்று பிரிந்திருக்க வேண்டும். அதேபோல, மாதத்தைக் குறிப்பிடாமல் "ரூ.15,000 பெற்றேன்" என்று மட்டும் இருக்கும் ரசீதை, பிறகு அட்வான்ஸ் வாங்கியதற்கானது என்றுகூடச் சொல்லிவிட முடியும்.

அபார்ட்மென்ட் அசோசியேஷன் இருக்கும் இடத்தில், "அசோசியேஷன் ரசீது இருக்கே, அதை வச்சுக்கோங்க" என்பார்கள். அது பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். அசோசியேஷனுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் அது காட்டும். அந்தப் பணத்தை நீங்கள் கொடுத்தீர்கள் என்பதைக் காட்டாது. நகலை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டுக்காரர் கையெழுத்தும் வேண்டும்.

தயங்கினால், மறுத்தால்

"ரசீது போட்டா வருமானத்துல சேர்ந்துடும்" என்ற பயம்தான் பெரும்பாலும் காரணம். அவரிடம் ரசீதுக்குப் பதிலாக நோட்டு முறையைச் சொல்லிப் பாருங்கள். பால் கணக்கு மாதிரி ஒரு சின்ன நோட்டு. மாதம், தொகை, பக்கத்தில் அவருடைய கையெழுத்து. ரசீது என்ற பெயருக்கு மிரள்பவர்கள் நோட்டில் தயங்காமல் போட்டுவிடுவார்கள். சாட்சியாக அதுவும் போதுமானதுதான். கையெழுத்து உரிமையாளருடையதாக இருக்கட்டும். வாட்ச்மேனோ பக்கத்து வீட்டாரோ போட்டால், "நான் வாங்கச் சொல்லவே இல்லை" என்பதற்கு இடம் உண்டு.

அடுத்த மாதத்திலிருந்து மெயின்டனன்ஸையும் வங்கி வழியாக அனுப்பப் பாருங்கள். வாடகையோடு சேர்க்காமல் தனியாக, குறிப்பில் "மெயின்டனன்ஸ் பிப்ரவரி 2025" என்று போட்டு அனுப்பினால் அதுவே ஆதாரம்.

ரசீது தரும்வரை பணம் தரமாட்டேன் என்று மட்டும் நிறுத்தாதீர்கள். அதுவரை இல்லாத பாக்கியை நாமே உண்டாக்கியதாகிவிடும். பேச்சு ரசீதை விட்டுப் பாக்கிக்குத் திரும்பிவிடும்.

நேராகவே மறுத்துவிட்டால், முன்பு அனுப்பிய கணக்கையே கடிதமாக எழுதி, ரசீது தரும்படி கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கடிதத்தின் நகல், தபால் ரசீது, கிடைத்துவிட்டதைக் காட்டும் இணையப் பக்கம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பதிலில்லை என்றால், உங்கள் பகுதிக்குரிய வாடகை அதிகாரியிடம் போகலாம். துணை ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலர் அவர். அங்கே போகும்போது வாடகை ஒப்பந்தத்தை முதலில் கேட்பார்கள். மெயின்டனன்ஸ் எவ்வளவு, யார் கொடுப்பது என்று அதில் எழுதியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். எழுதாமல் இருந்தால், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது தொகையோடு, "பெறும் பணத்துக்கு ரசீது தரப்படும்" என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.