அடியா, டி.எம்.சி.யா? மேட்டூர் அணை வரைபடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுரைக்காக வரைந்த ஒரு வரைபடம் மறுநாளே கட்டுரையிலிருந்து பிரிந்து, வாட்ஸ்அப் குழுவில் வெறும் படமாகச் சுற்றத் தொடங்கிவிடும். அப்போது அதன் தலைப்பும், அலகும், ஆதார வரியும் மட்டுமே துணை நிற்கும்.

“மேட்டூர் அணை நிலவரம், 2024” என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை தொடக்கத்தில் 40 அடியை ஒட்டியிருந்த நீர்மட்டம் அம்மாத இறுதியில் முழு அளவான 120 அடியைத் தொட்டது. ஆனால் ஏறும் கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு, அது நீர்மட்டமா, இருப்பா, நீர்வரத்தா என்று இத்தலைப்பு சொல்வதில்லை. “மேட்டூர் அணை நீர்மட்டம் (அடி), தினமும் காலை 8 மணி அளவீடு, 2024 ஜூலை” என்று எழுதினால் எது, எங்கே, எப்போது, எந்த அளவில் என்ற நான்கும் தெளிவாகும். “ஒரே மாதத்தில் நிரம்பிய மேட்டூர்” என்று செய்தியையே தலைப்பாக வைப்பதும் நல்லதுதான். அப்போது இந்த விவரம் துணைத்தலைப்பாகக் கீழே வர வேண்டும்.

அலகில் நேரும் தவறுதான் அதிகம் ஏமாற்றுகிறது. செங்குத்து அச்சில் வெறும் 60 என்று இருந்தால், 120 அடி அணையில் பாதி நீர் இருக்கிறது என்றே பலரும் எண்ணுவார்கள். உண்மையில் நீர்த்தேக்கம் அடியில் குறுகி மேலே அகன்று விரிவதால், 60 அடியில் இருப்பது ஏறத்தாழ 25 டி.எம்.சி. மட்டுமே; அது முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யில் கால் பங்கைச் சற்றே தாண்டும். குறுவைக்கு நீர் கிடைக்குமா என்று பார்க்கும் டெல்டா விவசாயிக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஆகவே அச்சில் “நீர்மட்டம், அடி (முழு அளவு 120)” என்றோ “இருப்பு, டி.எம்.சி. (முழுக் கொள்ளளவு 93.47)” என்றோ எழுதுங்கள், சதவீதமாகக் காட்டினால் அது உயரத்தின் சதவீதமா, கொள்ளளவின் சதவீதமா என்பதையும் சேருங்கள். வெளியூர் வாசகருக்காக “1 டி.எம்.சி. = 100 கோடி கன அடி” என்று ஒரு வரி போதும்.

நீர்வரத்தைப் பேச்சுவழக்கில் “20,000 கன அடி” என்போம். வரைபடத்திலோ “விநாடிக்கு” என்ற சொல் விடுபட்டால் ஓடிவரும் வேகம் தேங்கிய அளவாக வாசிக்கப்படும். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் வந்தால்தான் 1 டி.எம்.சி. சேரும்.

“ஆதாரம்: இணையம்” என்பது ஆதாரமே அல்ல. “ஆதாரம்: நீர்வளத் துறை” என்பதும் அரைகுறைதான், ஏனெனில் எந்தப் பட்டியல், எந்த நாளில் எடுத்தது என்று தெரியாமல் யாராலும் சரிபார்க்க முடியாது. “ஆதாரம்: தமிழ்நாடு நீர்வளத் துறை, தினசரி அணை நிலவரம், எடுத்த நாள் 2024 ஆகஸ்ட் 5, சதவீதக் கணக்கு எங்களுடையது” என்று எழுதலாம். அந்தக் கடைசிப் பகுதியை நான் எப்போதும் வற்புறுத்துவேன்: கணக்கில் பிழை இருந்தால் பழி துறையின் மீது விழக்கூடாது. இந்த வரியைப் படத்துக்குள்ளேயே பொறியுங்கள். பக்கத்தில் தட்டச்சு செய்த வரி படத்தைச் சேமிக்கும்போது கூடவே வராது.