"ஃப்ரீயா? சேஃபா?" என்று மட்டும் கேட்பவருக்கு எப்படிப் பதில் எழுதுவது?

கோத்தகிரியில் அறை வாடகைக்கு விடுகிறேன். நீலகிரிக்குள் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானதிலிருந்து வாட்ஸ்அப்பில் இப்படித்தான் செய்தி வருகிறது: "சார், இ-பாஸ் ஃப்ரீயா? சேஃபா?" அவ்வளவுதான். யார், எப்போது, எதில் வருகிறார் என்று ஒன்றும் இருக்காது. புதிதாக விடுதி நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். பணம் பறிக்கும் ஆளோ என்ற சந்தேகத்தில்தானே கேட்கிறார்! "பாஸ் இலவசம். epass.tnega.org என்ற அரசுத் தளத்தில் நீங்களே எடுக்கலாம். யாராவது பணம் கேட்டால் அது அந்தத் தளம் இல்லை." இந்த மூன்று வரி போதும். முகவரியைக் கூகுளில் தேடாமல் நேரே தட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "எந்த வண்டியில் வருகிறீர்கள்?" தேதி, ஆள் கணக்கெல்லாம் பிறகு. ஈரோட்டிலிருந்து ஒருவர் இதே இரண்டு சொல்லைத்தான் அனுப்பினார். கேட்டால், மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் வருகிறாராம். அரசுப் பேருந்துப் பயணிக்கு பாஸே தேவையில்லை. டிஎன் 43 பதிவு வண்டிக்கும் அப்படியே. வேறு வண்டியென்றால் மட்டும் மேலே பேச வேண்டும்.

சிக்கல் வருவது அடுத்த கட்டத்தில். "நீங்களே போட்டுக் குடுங்க சார்" என்பார். தளத்தில் நுழைய கைப்பேசிக்கு ஓடிபி வரும். அவருடைய எண்ணைப் போட்டால் அந்த ஓடிபியை நாம் கேட்க வேண்டும். சேஃபா என்று கேட்டவரிடம் ஓடிபி கேட்டால் என்ன நினைப்பார்? அவர் பயப்படுவது சரிதான், யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் எல்லா வங்கியும் சொல்கிறது. அதனால் நான் போட்டுக் கொடுப்பதில்லை. அவர் கையில் போனை வைத்துக்கொண்டு நிரப்பட்டும், நான் இன்னொரு போனில் பேசி வழி சொல்கிறேன். வண்டி எண், வரும் நாள், போகும் நாள், தங்கும் இடம் எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைக்கச் சொன்னால் சீக்கிரம் முடியும்.

கருவி என்றால் வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள விரைவுப் பதில் வசதியைச் சொல்வேன். மூன்று வரியையும் அதில் சேமித்துவிட்டால் சாய்கோடு தட்டியதும் வந்து நிற்கும். தானாகப் போகும் வரவேற்புச் செய்தி எனக்குப் பிடிக்காது. "வணக்கம், தங்களுக்கு எப்படி உதவலாம்" என்று, அவர் கேட்டதை விட்டுவிட்டு அது வேறெதையோ பேசும்.

பின்சேர்க்கை: குரல் செய்தியாக அனுப்பினால் என்ன என்று குன்னூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். பல நேரம் கேட்பவர் ஒருவர், வருபவர் இன்னொருவர். எழுத்தாக இருந்தால் அப்படியே அக்கா மகனுக்கு அனுப்பிவிடுவார், முகவரியும் பிசகாது.