கூட்டுவட்டி அட்டவணையில் மதிப்பெண் எங்கே தொலைகிறது?

பெரம்பூரில் மாலை நேரத்தில் பிளஸ் ஒன் வணிகவியல் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு பயிற்சித்தாள் கொடுத்தேன். அசல் ரூ.25,000, ஆண்டு வட்டி 8 சதவீதம், காலம் 3 ஆண்டு. தனிவட்டியையும் கூட்டுவட்டியையும் ஆண்டுவாரியாக அட்டவணை போட்டு ஒப்பிட வேண்டும். ஒரு மாணவி நோட்டை நீட்டி, "சார், ஃபார்முலால 6,492.80 வருது, டேபிள்ல வேற வருது, எது தப்பு?" என்றாள். ஃபார்முலா சரிதான். தப்பு அட்டவணையில். அவள் மட்டுமில்லை, வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் சறுக்கியிருந்தார்கள்.

முதலில் சரியான அட்டவணையைப் பார்த்துவிடுவோம்.

| ஆண்டு | தனிவட்டி (ரூ.) | தொடக்க இருப்பு (ரூ.) | கூட்டுவட்டி (ரூ.) | இறுதி இருப்பு (ரூ.) |
|---|---|---|---|---|
| 1 | 2,000 | 25,000 | 2,000 | 27,000 |
| 2 | 2,000 | 27,000 | 2,160 | 29,160 |
| 3 | 2,000 | 29,160 | 2,332.80 | 31,492.80 |

அந்த மாணவியின் அட்டவணையில் தொடக்க இருப்பு என்ற கட்டமே இல்லை. வட்டியை மட்டும் எழுதிக்கொண்டே போயிருந்தாள். இரண்டாம் ஆண்டு வட்டி 2,160 என்பது வரை சரியாக வந்துவிட்டது. அதன் பிறகு அதைப் பழைய 25,000-த்துடன் கூட்டி 27,160 என்று எழுதி, அதற்கு 8 சதவீதம் போட்டு 2,172.80 எடுத்திருந்தாள். முதல் ஆண்டில் சேர்ந்த 2,000 ரூபாய் வழியிலேயே விழுந்துவிட்டது! பேரேட்டில் போன வருஷ இறுதி இருப்பை இந்த வருஷத் தொடக்க இருப்பாகக் கொண்டுவர மறந்தால் என்ன ஆகும் என்பது வணிகவியல் பிள்ளைகளுக்குத் தெரியும். இதுவும் அதேதான். ஒரு வரியின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் எண் அடுத்த வரியின் தொடக்க இருப்பில் அப்படியே வந்து உட்கார வேண்டும்.

இந்தத் தப்பைப் பிடிக்கச் சின்ன சோதனை ஒன்று உண்டு. இந்த ஆண்டு வட்டியிலிருந்து போன ஆண்டு வட்டியைக் கழியுங்கள். மீதி, போன ஆண்டு வட்டியில் 8 சதவீதமாக இருக்க வேண்டும். 2,160-இல் 2,000 போனால் 160, அது 2,000-த்தில் 8 சதவீதம். 2,332.80-இல் 2,160 போனால் 172.80, அது 2,160-இல் 8 சதவீதம். மாணவியின் 2,172.80-ஐ வைத்துப் பார்த்தால் வித்தியாசம் வெறும் 12.80 தான். இடறிய இடம் மூன்றாம் வரி என்று உடனே தெரிந்துவிடும், முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டியதில்லை. வட்டிக்கு வட்டி என்று ஊரில் சொல்வதற்கு அட்டவணையில் கிடைக்கும் நேரடி சாட்சி இந்த 160-ம் 172.80-ம்தான்.

இன்னொரு பையனின் தாளில் எண்கள் எல்லாம் சரி, ஒப்பீடுதான் கோணல். தனிவட்டிக் கட்டத்தில் ஒவ்வொரு ஆண்டுக்கும் 2,000 என்று எழுதியவன், கூட்டுவட்டிக் கட்டத்தில் 2,000, 4,160, 6,492.80 என்று சேர்த்துக்கொண்டே போயிருந்தான். ஒரு பக்கம் அந்த ஆண்டின் வட்டி, மறு பக்கம் அதுவரை சேர்ந்த வட்டி. இரண்டையும் கழித்து, மூன்றாம் ஆண்டில் வித்தியாசம் 4,492.80 என்று பெரிதாகக் கட்டம் கட்டியிருந்தான். உண்மையில் மூன்று ஆண்டுக்கும் சேர்த்தே வித்தியாசம் 492.80 தான். ஆண்டு வட்டி என்றால் இரு பக்கமும் ஆண்டு வட்டி, மொத்தம் என்றால் இரு பக்கமும் மொத்தம். கட்டத்தின் தலைப்பிலேயே எது என்று எழுதிவிடுவது நல்லது.

அந்த 492.80-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், ஏனென்றால் அடுத்த தப்பு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்கான வித்தியாசத்துக்கு ஒரு குறுக்குவழி பிள்ளைகளுக்கு மனப்பாடம்: `P(r/100)²`. நம் கணக்கில் அது 160. அதை மூன்று ஆண்டுக் கணக்கிலும் அப்படியே போட்டு 160 என்று எழுதுகிறார்கள். வேறு சிலர் ஆண்டுக்கு ஒன்று கூடியதே என்று இருமடங்காக்கி 320 என்கிறார்கள். இரண்டும் தப்பு.

முதல் ஆண்டு வட்டியான 2,000, இரண்டாம் ஆண்டில் ஒரு 160-ம் மூன்றாம் ஆண்டில் இன்னொரு 160-ம் ஈட்டுகிறது. அசல் இரண்டாம் ஆண்டில் ஈட்டிய 2,000, மூன்றாம் ஆண்டில் ஒரு 160 ஈட்டுகிறது. ஆக மூன்று 160, மொத்தம் 480. இரண்டாம் ஆண்டில் கிடைத்த அந்த 160 ரூபாயும் சும்மா இருக்காதே, மூன்றாம் ஆண்டில் அதற்கு 8 சதவீதம், 12.80. கூட்டினால் 492.80. மூன்று ஆண்டுக்கான சூத்திரம் `P(r/100)²(3 + r/100)` என்று வருவதற்கும் இதுதான் காரணம். உள்ளே இருக்கும் 3 அந்த மூன்று 160, பக்கத்தில் ஒட்டியிருக்கும் `r/100` அந்த 12.80. இதைப் புரிந்துகொண்டவர்கள் சூத்திரத்தை மறந்தாலும் அட்டவணையிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

முதல் ஆண்டில் இரண்டு வட்டியும் ஒன்றாக வருவதைப் பார்த்துப் பயந்து அடித்துவிட்டு மறுபடி போடுபவர்களும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை கூட்டுவட்டி என்றால் முதல் ஆண்டில் வித்தியாசம் பூஜ்யம்தான் வர வேண்டும்.

காலம் இரண்டரை ஆண்டு என்று வந்தால் வேறு குழப்பம். கால்குலேட்டர் கையில் இருப்பவர்கள் 1.08-க்கு 2.5 அடுக்கு போட்டு 30,303.96 என்று எழுதுகிறார்கள். பாடத்தில் சொல்லித் தரும் முறை அதுவல்ல. முழு இரண்டு ஆண்டுக்குக் கூட்டுவட்டி போட்டு 29,160-க்கு வந்து, மீதி அரை ஆண்டுக்கு அந்தத் தொகையின் மேல் 4 சதவீதம் போட வேண்டும். 1,166.40 கூட்டினால் 30,326.40. அரையாண்டுக்கு ஒரு முறை வட்டி சேர்க்கப்படுகிறது என்று கேள்வியிலேயே இருந்தால் கதை வேறு. வீதம் 4, காலம் 5 அரையாண்டு, தொகை 30,416.32. வீதத்தைப் பாதியாக்கிவிட்டுக் காலத்தை இருமடங்காக்க மறப்பவர்களுக்குத் தொகை 27,575 பக்கம் வந்து நிற்கும். ஆண்டுக்கு ஆண்டு சேர்த்தாலே இரண்டு ஆண்டில் 29,160 ஆகிவிட்டதே, அரையாண்டுக்கு ஒரு முறை சேர்த்தால் அதைவிடக் குறையுமா என்று கேட்டாலே பிடிபட்டுவிடும்.

மூன்று ஆண்டுக் கணக்கில் 1.08-க்கு 3 அடுக்கு போட்ட பிறகு வரும் 1.259712-ஐ 1.26 என்று சுருக்குவதும் வேண்டாம். தொகை 31,500 ஆகி 7 ரூபாய் 20 பைசா எங்கிருந்தோ முளைத்துவிடும். கடைசி வரியில் மட்டும் பைசாவுக்குச் சுருக்குங்கள்.

கடைசியாக, நம் ஊர்ப் பேச்சு வழக்கால் வரும் தப்பு. "பத்தாயிரம், ரெண்டு வட்டி" என்று கேள்வியில் கொடுத்திருந்தேன். பாதிப் பேர் ஆண்டுக்கு 2 சதவீதம் என்று எடுத்து 200 ரூபாய் என்றார்கள். கடன் கொடுப்பவரிடம் போய் அப்படிச் சொன்னால் சிரிப்பார். ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். அந்த 200 ஒரு மாதத்து வட்டி. தனிவட்டியாக ஆண்டுக்கு 2,400, அதாவது 24 சதவீதம். மாதாமாதம் கட்டாமல் விட்டு, அதையும் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் `10000 × (1.02)^12`, ஆண்டு முடிவில் ரூ.12,682.42. வீட்டில் அப்பா அடிக்கடி சொல்லும் வார்த்தையாச்சே என்றான் ஒருவன், கணக்கைப் போட்டு முடித்த பிறகு.