வெளிநாட்டுல மெயில் ஆப் டேட்டாவ காலி பண்ணாம இருக்க, நாம பண்ணக்கூடாத தப்புகள்

என் மச்சான் சைட் இன்ஜினியர், சிங்கப்பூருக்கு வேலையா போனப்ப கூட வந்தவரோட சேர்ந்து ஒரு பாக்கெட் வைஃபை வாடகைக்கு எடுத்தாங்க, ஒரு நாளைக்கு 500 எம்பி, அதுக்கு மேல போனா ஸ்பீடு படுத்துடும். முதல் நாள் மதியமே படுத்துடுச்சு, ரெண்டு பேரும் ஒரு வீடியோ கூட பாக்கல.

காரணம் ஜிமெயில். ஆபீஸ்ல இருந்து டிராயிங் பிடிஎஃப் 12 வந்திருக்கு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 20 எம்பி, ஆக 240. ரெண்டு பேரும் சிசில இருந்ததால ரெண்டு போன்லயும் அதே ஃபைல் தனித்தனியா இறங்கிடுச்சு, 480 போச்சு. ஆண்ட்ராய்டு ஜிமெயில்ல Settings போய் அக்கவுண்ட் பேர தொட்டா கீழ Download attachments-னு ஒண்ணு இருக்கும், "வைஃபைல மட்டும் தானா இறக்கு"ங்கறது அதோட அர்த்தம். நம்ம ஊர்ல வீட்டு வைஃபைக்கு அது நல்லதுதான். ஆனா பாக்கெட் வைஃபையும் போனுக்கு வைஃபைதான், உள்ள ஓடுறது அளவு வச்ச சிம் டேட்டான்னு அதுக்கு தெரியாது. அதனால அந்த டிக்க எடுத்துடுங்க. கூடவே வைஃபை செட்டிங்ஸ்ல அந்த நெட்வொர்க்க தொட்டு Treat as metered குடுத்து Data Saver ஆன் பண்ணா, ஆப்புங்க பின்னாடி ஓடி டேட்டா எடுக்குறதும் நிக்கும். சில போன்ல பேரு கொஞ்சம் மாறி இருக்கும்.

அடுத்த தப்பு, டிக் எடுத்தாச்சு இனி பயமில்லன்னு நினைக்கிறது. அந்த செட்டிங் தானா இறங்குறத மட்டும்தான் நிறுத்தும், நீங்க அட்டாச்மென்ட்ட தொட்டீங்கன்னா ரோமிங்லயும் இறங்கும், கேக்கவே கேக்காது. அதே மாதிரி, நீங்க மெயில் ஆப்ப திறந்து வச்சிருக்கும்போது மெயில் வர்றத Data Saver தடுக்காது. சும்மா ஃபைல பத்திரப்படுத்தணும்னா அட்டாச்மென்ட்ட திறக்காம பக்கத்துல இருக்க டிரைவ் ஐகான தொடுங்க, கூகுள் சர்வர்ல இருந்து சர்வருக்கே போயிடும், உங்க போன் வழியா வராது.

மெயிலுக்குள்ள இருக்க படங்கள நிறைய பேர் மறந்துடுறாங்க, கடை விளம்பர மெயில்ல எல்லாம் அதுதான் ரொம்ப. அதே பக்கத்துல Images-ஐ Ask before displaying external images-னு மாத்திடுங்க. ஐபோன் மெயில் ஆப் சிம் டேட்டாவ எடுக்காம இருக்க வேலை சுலபம், Settings-ல மொபைல் டேட்டா லிஸ்ட்ல Mail-ஐ ஆஃப் பண்ணா வைஃபைல மட்டும்தான் வேலை செய்யும், ஆனா வைஃபை இல்லாம ரோட்டுல நிக்கும்போது புது மெயிலே வராது, அதுக்கு தயாரா இருங்க. பாக்கெட் வைஃபையும் வைஃபைதான்ங்கறதால அதுல போற டேட்டாவ இது தடுக்காது.

ஹோட்டல் வைஃபைல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி அன்னைக்கு வேணும்ங்கற ஃபைல மட்டும் டவுன்லோட் ஐகான தொட்டு போன்ல சேவ் பண்ணிக்கோங்க. அப்புறம் ஏரோபிளேன் மோட் போட்டு, வைஃபையும் ஆஃப்ல இருக்கான்னு பாத்துட்டு திறந்து பாருங்க, திறந்தா நிஜமாவே இறங்கியிருக்குன்னு அர்த்தம், சுத்திக்கிட்டே இருந்தா இன்னும் இறங்கல.