டிஷ் ஆட்டி சிக்னல் பிடிப்பதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

ஆபீஸிலிருந்து 800 மீட்டர் தள்ளியிருக்கும் குடோனுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் வயர்லெஸ் லிங்க் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் நேராக மாடி ஏறிவிடுகிறார்கள். எத்தனை சிக்னல் வர வேண்டும் என்பதே தெரியாமல் அலைன்மென்ட் செய்வதுதான் முதல் தவறு. ரேடியோவின் பவர் 13 dBm, இரு பக்க டிஷ்ஷும் கூட்டித் தரும் கெயின் தலா 23 dBi, காற்றில் போகும் இழப்பு 106 டெசிபல் என்றால்:

```
13 + 23 + 23 - 106 = -47 dBm
```

இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஏறுங்கள். ஸ்க்ரீனில் -67 காட்டினாலும் லிங்க் ஏறிவிடும், பிங் போகும். உடனே நட்டை முறுக்கிவிட்டு இறங்குவார்கள். ஆனால் கணக்கைவிட 20 டெசிபல் குறைகிறது. டிஷ்ஷின் முதன்மைக் கற்றைக்கு இரு பக்கமும் சின்னச் சின்னப் பக்கக் கற்றைகள் உண்டு. அதில் ஒன்றைத்தான் பிடித்திருக்கிறீர்கள். சிக்னல் ஏறி இறங்கியதும் நின்றுவிடாமல் இன்னும் திருப்புங்கள். ஒரு பள்ளம் வரும், அதைத் தாண்டினால் பெரிய மேடு வரும். ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டு மூன்று நொடி பொறுத்தால்தான் எண் நிலைக்கும். இடவலம் முடித்த பிறகு மேல்கீழ். ஒரு முனையில் ஆட்டும்போது மறுமுனையைத் தொடவே கூடாது. நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் டிஷ் நகர்ந்து, பிடித்ததெல்லாம் போய்விடும்.

முழுவதும் சுற்றிப் பார்த்தும் -60ஐத் தாண்டவில்லையா? பாதையைச் சந்தேகியுங்கள். கண்ணுக்கு எதிர்க் கட்டடம் தெரிந்தால் போதும் என்பது இங்கே செல்லாது. அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை. நடுவில் வாழைக்காய் போலப் பருத்திருக்கும். இந்த 800 மீட்டருக்கு நடுவில் அதன் ஆரம் சுமார் 3.2 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 2 மீட்டர், பார்வைக் கோட்டைச் சுற்றித் தடையில்லாமல் இருக்க வேண்டும். வழியில் உள்ள வேப்பமரத்தின் உச்சி கோட்டுக்கு ஒரு மீட்டர் கீழேதான் என்றாலும் அது தடைதான். நனைந்த இலை இன்னும் அதிகம் உறிஞ்சும் என்பதால், மழை பெய்தால் சிக்னல் விழுவது இதற்கு நல்ல அடையாளம். பவரைக் கூட்டுவதல்ல, டிஷ் நிற்கும் பைப்பை உயர்த்துவதுதான் வழி.

சிக்னல் -47லேயே அசையாமல் நிற்க, சாயங்காலம் மட்டும் ஸ்பீடு விழுந்தால் அது குறுக்கீடு. சிக்னலை விட்டுவிட்டு இரைச்சல் அளவைப் பாருங்கள்: -90 இருந்த இடத்தில் -70 ஆகியிருந்தால், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 43லிருந்து 23ஆகச் சுருங்கிவிட்டது. பலரும் ஆபீஸ் பக்கம் மட்டும் ஸ்கேன் செய்து சேனல் மாற்றுகிறார்கள். குடோன் டிஷ் கேட்கும் இரைச்சல் ஆபீஸுக்குக் கேட்காது. எந்தப் பக்கம் டவுன்லோட் விழுகிறதோ, அந்தப் பக்கம், விழுகிற அதே நேரத்தில் ஸ்கேன் ஓட்டுங்கள். ஸ்கேன் ஓடும்போது லிங்க் அறுந்துபோகும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் 40ஆகக் குறையுங்கள். உச்ச வேகம் பாதியாகும். ஆனால் காலியான இடம் கிடைப்பது எளிது, உள்ளே வரும் இரைச்சலும் 3 டெசிபல் குறையும். குடோன் பில்லிங்குக்கும் கேமராவுக்கும் அந்த வேகம் தாராளம்.