சாட்பாட் வளவளக்கிறதா? முதலில் max_tokens மேல் கை வைக்காதீர்கள்

வாடிக்கையாளர் சேவைக்கு சாட்பாட் செய்பவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் ஒரே புகாரோடு வருவார்கள்: ‘ரொம்பப் பேசுது, பேச்சுக்குப் பேச்சு மன்னிப்பு கேக்குது.’ அதைச் சரிசெய்யப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளும் ஏறக்குறைய ஒன்றேதான். நாங்களும் அந்த வழியாக வந்தவர்கள்தான். சாட்பாட்டுக்கு எழுதும் கட்டளையில், அதாவது ப்ராம்ப்டில், வரும் எழுத்துப்பிழை, குழப்பமான வாக்கியம் போன்றவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீளத்தைக் குறைக்க max_tokens-ஐக் குறைப்பது

இன்றைக்கும் எரிச்சல் வரவைக்கும் தவறு இது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், “பதில் நீளமா வருதுண்ணா, அதான் 150-ல வெச்சுட்டேன். இப்ப சின்னதா வருது” என்றார். சின்னதாகத்தான் வந்தது, பாதியில் அறுந்து.

max_tokens என்பது ஒரு பதிலில் அதிகபட்சம் எத்தனை டோக்கன், அதாவது எத்தனை சொல்துண்டு, வரலாம் என்ற எல்லை. சாட்பாட்டை இயக்கும் மொழி மாடலுக்குச் சொல்லும் அறிவுரை இல்லை. பொதுவாக அந்த எண் மாடலின் கண்ணுக்கே தெரியாது. அது தன் போக்கில் நீளமாக எழுதத் திட்டமிட்டு எழுதிக்கொண்டே போகும். எல்லை வந்ததும் வெளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். பேசிக்கொண்டிருப்பவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்குவது போலத்தான். அவர் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை, நமக்குத்தான் மீதி கேட்கவில்லை.

தமிழில் இது இன்னும் மோசம். ஒரே விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்வதைவிடத் தமிழில் சொல்ல டோக்கன் கூடுதலாகச் செலவாகும். எவ்வளவு கூடுதல் என்பது உரையை டோக்கன்களாக உடைக்கும் டோக்கனைசரைப் பொறுத்தது, அது மாடலுக்கு மாடல் மாறும். ஆங்கிலத்தில் சோதித்து வைத்த எல்லையைத் தமிழ் சாட்பாட்டுக்கு அப்படியே போட்டால், எங்கே அறும் என்று யாராலும் சொல்ல முடியாது. பதில் சொல்லும் முன் தனக்குள் யோசிக்கும் மாடல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல சேவைகளில் அந்த யோசனையின் டோக்கன்களும் இதே எல்லைக்குள்தான் கணக்காகும். எல்லை சிறியதாக இருந்தால் யோசனையிலேயே எல்லாம் தீர்ந்து, வாடிக்கையாளருக்கு வெற்றுப் பதில் போகும்.

அந்தத் தம்பியின் சாட்பாட்டில் நடந்தது இதுதான். வாடிக்கையாளர், “பணம் எடுத்துட்டீங்க, ஆர்டர் பதிவாகவே இல்ல” என்று எழுதுகிறார். பதில் இப்படித் தொடங்குகிறது: “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம். இது எவ்வளவு மனவேதனை தரும் என்பதை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். தங்கள் பொறுமைக்கு நன்றி.” அதற்குப் பிறகுதான் வழிமுறை. முதல் படி வந்தது, இரண்டாவது வந்தது. “பரிவர்த்தனை எண்ணை” என்று மூன்றாவது தொடங்கியதும் அறுந்துவிட்டது. அந்த எண்ணை எங்கே அனுப்ப வேண்டும் என்பதுதான் அவருக்குத் தேவைப்பட்ட ஒரே தகவல். இருந்த இடத்தையெல்லாம் மன்னிப்பு தின்றுவிட்டது. அவர் திரும்பக் கேட்டார், பாட் திரும்ப மன்னிப்பில் தொடங்கியது, திரும்ப அறுந்தது. கடைசியில் எல்லாம் மனிதர்கள் எடுக்கும் தொலைபேசியில் வந்து விழுந்தது.

உங்கள் சாட்பாட்டில் இது நடக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பதில்களைப் படிக்கக்கூட வேண்டாம். சேவையைப் பொறுத்து ஒவ்வொரு பதிலோடும் `finish_reason` அல்லது `stop_reason` என்று ஒரு மதிப்பு வரும். அதில் `length` அல்லது `max_tokens` என்று இருந்தால் அந்தப் பதில் அறுந்தது. லாகில் அதைத் தேடுங்கள்.

சரி, என்ன செய்வது? எல்லையை, நியாயமான மிக நீண்ட பதிலைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு உயர்த்தி, விபத்துத் தடுப்பாக மட்டும் வைத்திருங்கள். நீளத்தை ப்ராம்ப்டில் சொல்லுங்கள். தம்பியின் பழைய ப்ராம்ப்ட் இது:

```
நீ கனிவான உதவியாளர். எப்போதும் அக்கறையோடு,
விரிவாகப் பதில் சொல். சுருக்கமாக இரு.
மன்னிப்பு கேட்காதே.
```

ஒரே மூச்சில் ‘விரிவாக’வும் ‘சுருக்கமாக’வும் இருக்கிறது. ‘எப்போதும் அக்கறையோடு’ என்று சொன்னால், கோபமான வாடிக்கையாளரிடம் மாடல் வேறு என்ன செய்யும்? முரண்பட்ட இரண்டு கட்டளைகளில் எது ஜெயிக்கும் என்பது கேள்விக்குக் கேள்வி மாறும். மாற்றி எழுதியது:

```
முதல் வாக்கியம்: கேட்டதற்கு நேரடி விடை, அல்லது
வாடிக்கையாளர் இப்போது செய்ய வேண்டியது.
நீளம்: சாதாரணக் கேள்விக்கு 2-3 வாக்கியம்.
வழிமுறை என்றால் அதிகபட்சம் 5 படி, படிக்கு ஒரு வாக்கியம்.
தவறு நம்முடையது என்று உறுதியானால் ஒரே வாக்கியத்தில்
வருத்தம் சொல். ஒரு உரையாடலில் ஒருமுறை போதும்.
கடைசிப் படியோடு பதிலை முடி.
```

கடைசி வரியை வேண்டாம் என்று தூக்கிவிடாதீர்கள். ‘வேறு ஏதேனும் உதவி தேவையா’ என்ற வால் பெரும்பாலும் அந்த ஒரு வரியிலேயே போய்விடும். இப்போது அதே புகாருக்கு வந்த பதில்: “உங்கள் பரிவர்த்தனை எண்ணை இந்த உரையாடலிலேயே அனுப்புங்கள். ஆர்டர் பதிவாகாதது உறுதியானால் பணத்தைத் திருப்பித் தரும் கோரிக்கையைப் பதிவு செய்கிறேன்.” இரண்டே வாக்கியம். மன்னிப்பு இல்லை, மரியாதையும் குறையவில்லை.

‘மன்னிப்பு கேட்காதே’ என்று மட்டும் எழுதுவது

‘மன்னிக்கவும்’ போய் ‘வருந்துகிறோம்’ வரும். அதைத் தடுத்தால் ‘தங்கள் ஏமாற்றம் புரிகிறது’ வரும். தடைப்பட்டியல் நீண்டுகொண்டே போகும், முதல் வாக்கியம் மட்டும் உருப்படாது. மாடலுக்கு அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் பழகியதை எழுதுகிறது. பழகியது என்றால், மனிதர்களின் மதிப்பீட்டை வைத்துப் பயிற்சி கொடுக்கும்போது பணிவான பதிலுக்கும் நீளமான பதிலுக்கும் பல நேரம் கூடுதல் மதிப்பெண் விழுந்திருக்கிறது. அந்தப் பழக்கம் தடைச்சொல்லுக்கு அடங்காது.

மன்னிப்பை அடியோடு ஒழிப்பதும் தவறுதான். உண்மையிலேயே நம் பக்கம் பிழை இருக்கும்போது ஒரு வார்த்தைகூடச் சொல்லாத பாட் திமிர் பிடித்ததாகத் தெரியும். அதனால்தான் மேலே நிபந்தனையோடு எழுதியிருக்கிறேன்.

‘சரியாக 75 சொற்கள்’

மாடல் எண்ணி எழுதுவதில்லை. வாக்கியம், படி, பத்தி என்று சொல்லுங்கள்.

ப்ராம்ப்டில் ஆச்சரியக்குறிகளைக் குவிப்பது

வேண்டாம்.

மாதிரிப் பதில்களை மறந்துவிடுவது

ப்ராம்ப்டில் ‘3 வாக்கியம்’ என்று எழுதிவிட்டு, கீழே மாதிரியாக முழுப் பக்கப் பதில் ஒன்றை ஒட்டிவைத்திருப்பார்கள். பெரும்பாலும் மாடல் மாதிரியின் பின்னால்தான் போகும். மாதிரியை வெட்டிச் சிறிதாக்குங்கள். முடிந்தால், கோபமான வாடிக்கையாளருக்குச் சொன்ன சுருக்கமான பதில் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்; மன்னிப்பு பெருகும் இடம் அதுதான்.

பழைய உரையாடலிலேயே புதிய ப்ராம்ப்டைச் சோதிப்பது

ப்ராம்ப்டை மாற்றிவிட்டு, அதே உரையாடலில் தொடர்ந்து கேட்டுப் பார்த்து, “ஒண்ணும் மாறலையே” என்பார்கள். மேலே நான்கு மன்னிப்புப் பதில்கள் கிடக்கும்போது ஐந்தாவதும் அவற்றைப் போலவே வருவதில் ஆச்சரியமில்லை. உரையாடல் வரலாறும் மாடலுக்கு மாதிரிதான். புதிய உரையாடலைத் திறந்து, லாகிலிருந்து எடுத்த உண்மையான கேள்விகள் இருபதை ஓட்டுங்கள். அதில் பாதி கோபமானவையாக இருக்கட்டும். ஒன்றிரண்டு கேள்விகள் நீண்ட பதில் தேவைப்படுபவையாகவும் இருக்க வேண்டும். நீளம் குறைந்த வேகத்தில் தேவையான படியும் சேர்ந்து போய்விட்டதா என்பதை அவைதான் காட்டும்.